மலை வண்டியும் ஊர் வண்டியும்: சேலத்தில் பழைய காருக்கு விலை போடும் முறை

2025 ஆடி மாதம் அக்கா வீட்டுக்காரர் என் பட்டறைக்கு போன் செய்தார். "மாப்ளே, ஏற்காட்டுல ஒரு ஸ்விஃப்ட் இருக்கு. 2018 மாடல், வெறும் நாப்பத்தோராயிரம்தான் ஓடியிருக்கு. அஞ்சரை சொல்றாங்க. சேலம் அஸ்தம்பட்டியில பார்த்தது எழுபத்தெட்டாயிரம் ஓடினது, அதுக்கே அஞ்சே கால் கேக்கறாங்க. இருபத்தஞ்சாயிரம் சேர்த்துக் குடுத்தா முப்பத்தேழாயிரம் கிலோமீட்டர் குறைவா கிடைக்குதே, அதையே எடுத்துரலாமா?"

இரண்டும் ஒரே மாதிரி வண்டி. மாருதி ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. பெட்ரோல், அதே வருடம். மீட்டரை மட்டும் பார்த்தால் மாமா சொன்ன கணக்கு சரிதான். ஆனால் இரண்டு வண்டிகளையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மலை வண்டிக்கு 4,11,000 ரூபாய்க்கு மேல் தராதீர்கள் என்று சொன்னேன். அந்தத் தொகை எப்படி வந்தது என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன். இதே வரிசையில் போனால் எந்த வண்டிக்கும் நீங்களே விலை போடலாம்.

முதலில் அடிப்படை விலை

பார்க்கப்போகும் வண்டியை மறந்துவிடுங்கள். அந்த மாடல், அந்த வேரியன்ட், அந்த வருடம், அந்த எரிபொருள் உள்ள சாதாரண வண்டி ஒன்று நம் ஊரில் இன்று என்ன விலைக்குப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. சாதாரண வண்டி என்று நான் சொல்வது ஒரே ஓனர், வயதுக்கேற்ற ஓட்டம், ஒழுங்கான சர்வீஸ், அடிபடாத பாடி.

சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரத்தில் விற்பனைக்கு இருக்கும் எட்டு பத்து வண்டிகளின் விலையை எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் ஒன்பது விலை எடுத்தோம். 4.60 லட்சத்திலிருந்து 5.75 வரை இருந்தது. மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் தள்ளிவிட்டால், பெரும்பாலானவை 5.10க்கும் 5.40க்கும் நடுவில் நின்றன. ஆனால் இவையெல்லாம் கேட்கும் விலை. முடியும் விலை வேறு.

அதைத் தெரிந்துகொள்ள நான் செய்வது இதுதான். பழைய கார் வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் போய், இப்படி ஒரு வண்டி வேண்டும், கடைசியாக என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்பேன். வேறொரு கன்சல்டிங்கில், இதே வண்டி எங்களிடம் இருக்கிறது, எடுத்தால் என்ன தருவீர்கள் என்று கேட்பேன். முதல் இடத்தில் 5.30 என்றார்கள், இரண்டாம் இடத்தில் 4.70. இந்த அறுபதாயிரத்தில்தான் அவர்களுடைய செலவும் லாபமும் இருக்கிறது. ஓனரிடம் நேரடியாக வாங்கும்போது விலை இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும். ஆகவே எங்கள் அடிப்படை விலை ஐந்து லட்சம்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஆர்.சி.யில் பதிவுத் தேதியை மட்டும் பார்க்காமல், வண்டி தயாரான மாதத்தையும் வருடத்தையும் பாருங்கள். 2017 டிசம்பரில் தயாராகி 2018 மார்ச்சில் பதிவான வண்டியை 2018 மாடல் என்றுதான் விற்பார்கள். நீங்கள் திரும்ப விற்கும்போது வாங்குபவர் 2017 என்று பேசுவார். இரண்டு, இன்சூரன்ஸில் வண்டியின் மதிப்பாகப் போட்டிருக்கும் ஐ.டி.வி. தொகையைக் காட்டி அதுதான் விலை என்பார்கள். அது புது வண்டியின் விலையில் வயதை மட்டும் வைத்துக் கழித்து வரும் தொகை. நான்கிலிருந்து ஐந்து வயதுக்குள் இருந்தால் 50 சதவீதம் கழியும், ஐந்து வயதைத் தாண்டினால் கம்பெனியும் ஓனரும் பேசி வைத்துக்கொள்வது. வண்டி எவ்வளவு ஓடியது, எப்படி ஓடியது என்பது அதற்குத் தெரியாது.

கிலோமீட்டர்: மீட்டர் சொல்வதும் ஆள் சொல்வதும்

நம் ஊரில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எவ்வளவு தருகிறது என்று அர்த்தம். இங்கே நான் பேசுவது ஓடின கிலோமீட்டரை. வீட்டு உபயோக பெட்ரோல் வண்டிக்கு வருடத்துக்குப் பத்திலிருந்து பன்னிரண்டாயிரம் என்று வைப்பேன். ஏழு வருட வண்டி எழுபதாயிரத்திலிருந்து எண்பத்து நான்காயிரத்துக்குள் இருந்தால் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். அஸ்தம்பட்டி வண்டியின் 78,000 இதற்குள் வந்துவிட்டது.

மலை வண்டியின் 41,000 உண்மையாக இருந்தால் இருபதாயிரம் ரூபாய்கூட கூட்டிக் கொடுக்கலாம். உண்மையா என்பதுதான் பிரச்சினை. மீட்டரைக் குறைப்பது இன்றைக்குப் பெரிய வேலையே இல்லை. அதனால் மீட்டரைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். அவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதினால் வண்டியின் நடை தெரிந்துவிடும்.

ஏற்காட்டு வண்டிக்கு முதல் ஓனர் காலத்து பில்கள் இருந்தன. கடைசி பில் 2021 அக்டோபர், 33,600 கிலோமீட்டர். மூன்றரை வருடத்தில் அவ்வளவு என்பது வருடத்துக்குப் பத்தாயிரத்தை ஒட்டி வருகிறது, சரி. அதன்பிறகு இரண்டாம் ஓனர் வாங்கி மலைக்குக் கொண்டுபோனார். அதோடு பில்கள் நின்றுவிட்டன. இப்போது மீட்டர் 41,000. அப்படியென்றால் கிட்டத்தட்ட நான்கு வருடத்தில் 7,400 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது.

விற்பவர் நல்ல மனிதராகப் பேசினார், டீ கொடுத்தார். பேச்சுவாக்கில், வாரத்துக்கு எத்தனை தடவை கீழே போவீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு தடவையாச்சும் சேலம் போய்த்தான் ஆகணும்" என்றார். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் முப்பது கிலோமீட்டர். போய்வர அறுபது. வாரத்துக்கு நூற்று இருபது. வருடத்தில் ஐம்பது வாரம் என்று வைத்தாலே ஆறாயிரம். மூன்றரை வருடத்துக்கு மட்டும் கணக்குப் போட்டாலும் 21,000 வருகிறது. 33,600உடன் கூட்டினால் ஐம்பத்து நான்காயிரத்தைத் தாண்டும்.

பேச்சை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது, அதனால் டயரைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயரிலும் 1822 என்று இருந்தது, அதாவது 2022இன் பதினெட்டாவது வாரம். அந்த டயர்கள் தேய்ந்து, பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் கட்டையைத் தொட்டுவிட்டன. கொண்டை ஊசி வளைவுகளில் டயரின் வெளியோரம் சீக்கிரம் தேயும், உண்மைதான். ஆனாலும் ஏழாயிரம் கிலோமீட்டருக்குள் நான்கு புது டயரும் இந்த நிலைக்கு வராது. கிளட்ச் மிதியின் ரப்பரும் ஒரு பக்கம் வழவழவென்று ஆகியிருந்தது.

மீட்டர் குறைக்கப்பட்டது என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. யாரையும் குற்றம் சொல்லத் தேவையும் இல்லை. நான் செய்வது ஒன்றுதான்: காகிதத்தால் உறுதியாகாத கிலோமீட்டருக்கு ஒரு ரூபாயும் கூட்டுவதில்லை.

மலையில் ஓடிய கிலோமீட்டர்

மலை வண்டியில் இன்னொன்று இருக்கிறது. ஏற்காடு போகிற வழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பெரும்பாலும் முதல் இரண்டு கியர், இறங்கும்போது பிரேக். வெளியூர்க்காரர் வருடத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்குவதால் ஒன்றும் ஆகாது. வாரம் இரண்டு தடவை என்றால், நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் போகும் கிலோமீட்டரும் இதுவும் ஒன்றல்ல. கிளட்சுக்கும் பிரேக்குக்கும் மட்டும் மலையின் ஒரு கிலோமீட்டரை நான் இரண்டாக எண்ணுவேன். என்ஜினுக்கு அப்படி எண்ண மாட்டேன். ஆயில் ஒழுங்காக மாற்றியிருந்தால் இந்த ஏற்றத்தை அது தாங்கும்.

விற்பவரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: இறங்கும்போது என்ன கியரில் இறங்குவீர்கள்? இரண்டாவது என்றால் வண்டியை அறிந்து ஓட்டியவர். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குவேன் என்றால் அத்தனை சுமையும் பிரேக் டிஸ்க் மேல்தான் விழுந்திருக்கும். இவர் இரண்டாவது என்றார். ஆனாலும் முன் டிஸ்கின் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தால் தெளிவாக ஒரு மேடு தட்டியது. ஓட்டிப் பார்க்கும்போது அறுபதில் இருந்து அழுத்திப் பிடித்தால் ஸ்டீயரிங் லேசாக உதறியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் டிஸ்க்கும் பேடும் மாற்றத்தான் வேண்டும்.

கிளட்சுக்கு, சமமான ரோட்டில் நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்துங்கள். என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டியின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இந்த வண்டி முழுதாக வழுக்கவில்லை. ஆனால் மிதி மேலே முழுதாக வரும் தறுவாயில்தான் பிடித்தது. இன்னும் சில மாதம் ஓடலாம், ஆனாலும் அந்தச் செலவு வாங்குபவர் தலையில்தான் விழும்.

கடைசியாக ஈரம். மூடாத இடத்தில் பனியிலும் மழையிலும் நின்ற வண்டியில் முன் சீட்டுக்குக் கீழே தரை விரிப்பைத் தூக்கினால் பூஞ்சை வாடை வரும். சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பாருங்கள், துரு முதலில் அங்கேதான் தெரியும். இந்த வண்டியில் துரு லேசாக இருந்தது, அதற்கு நான் கழிக்கவில்லை. அடித்தட்டில் துரு ஏறி செதில் செதிலாக உரிந்தால் விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

சர்வீஸ் பில்லில் என்ன படிக்க வேண்டும்

புத்தகத்தில் சீல் இருக்கிறது என்பது போதாது, பில் வேண்டும். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அதற்குள் ஆயில் மாறியிருக்கிறதா, கூலன்ட்டும் பிரேக் ஆயிலும் ஒரு தடவையாவது மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே புகார் இரண்டு மூன்று பில்லில் திரும்பத் திரும்ப வந்தால் அது தீராத பிரச்சினை. வெளி மெக்கானிக்கிடம் பார்த்ததால் மட்டும் வண்டியின் மதிப்பு குறையாது. பில்லும் இல்லாமல், எந்தக் கடை என்றும் சொல்ல முடியாமல் இருந்தால்தான் கழிக்க வேண்டும். பில் தொலைந்துவிட்டது என்றால், ஓனரையும் அழைத்துக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போனால் வண்டி எண்ணை வைத்துப் பழைய பதிவை எடுத்துப் பார்ப்பார்கள்.

அடிபட்ட வண்டியா என்று தெரிய பலர் கவனிக்காத ஒரு இடம் இன்சூரன்ஸ் பாலிசி. அதில் நோ கிளைம் போனஸ் எத்தனை சதவீதம் என்று இருக்கும். கிளைம் இல்லாமல் போனால் 20இல் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி 50இல் நிற்கும். ஒரே ஓனரின் ஏழு வருட வண்டியில் 50 இருந்தால் ஐந்து வருடமாவது கிளைம் போகவில்லை என்று தெரியும். 20தான் இருக்கிறது என்றால் இடையில் ஒரு கிளைம் போயிருக்கிறது, என்ன வேலை என்று பில் கேளுங்கள். ஓனர் மாறினால் போனஸ் புதிதாகத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அஸ்தம்பட்டி வண்டியில் 50 இருந்தது. பின் பம்பரில் ஒரு நீளக் கீறல், சரிசெய்யவே இல்லை. ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டதற்கு, "போனஸ் போயிடும்னுதாங்க" என்றார். எனக்கு அந்தக் கீறல் பிடித்திருந்தது. பட்டி பூசி மறைத்த வண்டியை விட இப்படி இருப்பது எவ்வளவோ மேல். மலை வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும்தான் இருந்தது, அதனால் அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. பானெட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடயம் இருக்கிறதா, கதவு ரப்பரை இழுத்தால் உள்ளே வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராக இருக்கின்றனவா என்று கையால் பார்த்தேன். அடிபடவில்லை.

எத்தனை கை மாறியது

ஓனர் வரிசை எண் ஆர்.சி.யில் இருக்கும். ஐந்து லட்ச ரூபாய் வண்டிக்கு ஒரு ஓனர் கூடினால் இருபத்தைந்தாயிரம் கழிப்பேன். மூன்றாவது ஓனர் என்றால் அதைவிட அதிகம், ஏனென்றால் திரும்ப விற்கும்போது நீங்கள் நான்காவது ஆளைத் தேட வேண்டியிருக்கும். ஆனால் எண்ணிக்கையை விட எவ்வளவு நாள் வைத்திருந்தார்கள் என்பது முக்கியம். மூன்றரை வருடம், பிறகு நான்கு வருடம் என்று இருவர் வைத்திருந்த வண்டியில் பயம் இல்லை. ஆறு மாதத்தில் ஒருவர் கைவிட்டிருந்தால் காரணம் தெரியும்வரை நகராதீர்கள்.

ஆர்.சி.யில் இரண்டு ஓனர் என்று இருந்து உண்மையில் மூன்று கை மாறியிருக்கும். விற்பவரிடம் படிவம் 29, 30இல் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலேயே இடையில் ஒருவர் ஓட்டியிருப்பார். ஆர்.சி.யில் உள்ளவரோடு நேரில் அல்லது போனிலாவது பேசாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். vahan.parivahan.gov.in தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, கடன் பதிவு இன்னும் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்று பாருங்கள். கடன் இருந்து கட்டி முடித்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் கையில் இருக்க வேண்டும். பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் கர்நாடகப் பதிவு வண்டிகள் சேலத்துக்கு நிறைய வருகின்றன, விலையும் குறைவாகத் தெரியும். இங்கே மறுபதிவு செய்யும்போது தமிழ்நாட்டு ஆயுள் வரி தனியாகக் கட்ட வேண்டும். அதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

நம் ஊரில் யார் கேட்கிறார்கள்

சேலத்தில் சின்ன மாருதி பெட்ரோல் வண்டிகள் நிற்பதே இல்லை. எந்தப் பட்டறையிலும் வேலை பார்க்கலாம், உதிரிபாகம் அன்றே கிடைக்கும். அதனால் ஸ்விஃப்டுக்கு அடிப்படை விலைக்குக் கீழே பெரிதாகப் பேரம் படியாது. எவ்வளவு நாளாக விற்பனைக்கு இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டியும் நிற்கிறது என்றால் பார்த்தவர்கள் ஏதோ கண்டு விலகியிருக்கிறார்கள்.

மலையில் நிலைமை வேறு. எஸ்டேட் வேலைக்கு பொலிரோ, ஜீப் மாதிரி தரையிலிருந்து உயரமான வண்டிக்குத்தான் அங்கே ஆள் இருக்கிறது. தாழ்ந்த ஹேட்ச்பேக்கை வாங்க அங்கே ஆள் குறைவு, கடைசியில் சேலத்துக்குத்தான் இறக்க வேண்டும். இது விற்பவருக்கும் தெரியும். அப்புறம் ஆடி. பலர் ஆடியில் வண்டி எடுக்க மாட்டார்கள், அதனால் விலை கொஞ்சம் இளகும். வீட்டில் பெரியவர்கள் தயங்கினால் ஆடியிலேயே விலை பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆவணியில் வண்டியை எடுக்கலாம். நாங்கள் விலை விசாரித்ததும் ஆடியில்தான், ஆகவே இதற்காகத் தனியாகக் கழிக்கவில்லை.

தாளில் கணக்கு

அஸ்தம்பட்டி வண்டி: அடிப்படை 5,00,000. எல்லா பில்லும் வரிசையாக இருந்ததற்கு 10,000 கூட்டினேன். முன் பிரேக் பேட் 2,500, பேட்டரி 5,000, பம்பர் பெயிண்ட் 3,500, ஆக 11,000 கழித்தேன். வந்தது 4,99,000.

ஏற்காட்டு வண்டி: அடிப்படை அதே 5,00,000. இரண்டாம் ஓனருக்கு 25,000 கழிவு. கிட்டத்தட்ட நான்கு வருடம் பில் இல்லாததற்கு 15,000. கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்துக்கான தொகை இது, கண்ணில் தெரிகிற வேலைகளை இதில் சேர்க்கக்கூடாது, சேர்த்தால் ஒரே குறைக்கு இரண்டு முறை கழித்ததாகிவிடும். கிளட்ச் 9,000, நான்கு டயர் 19,000, முன் டிஸ்க்கும் பேடும் 8,000, சஸ்பென்ஷன் புஷ், லிங்க் 7,000, எல்லா ஆயிலும் மாற்றி முழு சர்வீஸ் 6,000. வேலைகள் மட்டும் 49,000. மொத்தம் 89,000 கழித்தால் 4,11,000.

இந்த வேலைச் செலவுகள் என் பட்டறைக் கணக்கு. உங்கள் மெக்கானிக்கிடம் ஒவ்வொன்றுக்கும் தொகை கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். விற்பவரிடம் பொதுவாக "குறைச்சுக்கோங்க" என்று கேட்டால் ஐயாயிரம் குறைப்பார். டயர் எண்ணையும் டிஸ்க் விளிம்பையும் காட்டி, இதற்கு இவ்வளவு என்று சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும். ஏற்காட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு 5.10 வரை இறங்கினார். அதற்குக் கீழே வரவில்லை. மாமாவுக்கு மனசே இல்லை, ஆனாலும் விட்டுவிட்டோம்.

அஸ்தம்பட்டி வண்டி 5,05,000க்கு முடிந்தது. கணக்கை விட ஆறாயிரம் அதிகம்தான், அந்த பில் கட்டுக்காகக் கொடுக்கலாம் என்று நானே சொன்னேன். ஐம்பதாயிரத்தைக் கையில் நிறுத்தி வைத்து, பெயர் மாற்ற விண்ணப்பம் போட்ட ரசீது வந்த பிறகு கொடுத்தோம். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் பெயர் மாற்றச் சொன்னேன். பழைய ஓனரின் 50 சதவீத போனஸ் அவரோடு போய்விடும், மீதிக் காலத்துக்கான வித்தியாசத்தை மாமாதான் கட்ட வேண்டியிருந்தது. பாலிசி முடிய இரண்டு மாதமே இருந்ததால் அது சின்னத் தொகையாக முடிந்தது. பம்பர் கீறலுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை.